விசில் கடிகாரம் அல்ல

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. கிள்ளானில் என் அக்காள் வீட்டுச் சமையலறை. ஓர் அடுப்பில் தோசைக்கல், மற்றோர் அடுப்பில் சாம்பாருக்குப் பருப்பு வேகும் ஐந்து லிட்டர் குக்கர். மேசைமேல் இடமே இல்லை. வெங்காயத் தோல், உருவிப் போட்ட கறிவேப்பிலைக் காம்பு, மாவு வாளி, பாதி குடித்த தேநீர்க் குவளை, யாரோ மறந்து வைத்த மோட்டார் சைக்கிள் சாவி. கண்ணாடிப் பட்டைச் சன்னல் வழியாக வெயில் கீற்றுக் கீற்றாக உள்ளே விழுகிறது.

குக்கர் ஒரு தடவை சீறியது. அந்த வெயிலில் வெண்மையான ஆவி சுருண்டு மேலே போனது. நீங்களும் உங்கள் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை எட்ட நின்று இன்னும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். விசிலின் வாயை ஒட்டினாற்போல் இரண்டொரு சென்டிமீட்டருக்கு வெறுமையாகத் தெரியும். அதற்கு மேலேதான் வெண்மை தொடங்கும். அந்த வெறுமையில் இருப்பதுதான் உண்மையான நீராவி. அது கண்ணுக்குத் தெரியாது. மேலே வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து மறுபடி துளித்துளியாகிவிட்ட தண்ணீர். கையைச் சுடுவதில் பொல்லாதது, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பகுதிதான்.

தோசையைத் திருப்பிக்கொண்டே அக்காள் கேட்டார்: “எத்தன விசிலு வந்துச்சு?”

“மூணு” என்றார் என் அம்மா.

“இல்ல பாட்டி, ரெண்டுதான்” என்றான் படிவம் 4 படிக்கும் அக்காள் மகன்.

அக்காள் நான்கு என்று நினைத்திருந்தார். கடைசியில், சந்தேகம் எதற்கு என்று இன்னும் இரண்டு விசில் விட்டார்கள். பருப்பு அடிப்பிடித்து, சாம்பாரில் லேசான தீய்ந்த வாசனை. யாரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

யார் சரியாக எண்ணினார் என்பதல்ல என் கேள்வி. மூவரும் சரியாக எண்ணியிருந்தாலும் அந்த எண்ணிக்கையால் பயன் இல்லை என்பது என் கருத்து. குக்கரில் எண்ண வேண்டியது நிமிடத்தை. விசில் என்பது கடிகாரமாக இருக்கச் செய்யப்பட்ட பொருளே அன்று.

எப்படி என்று பார்க்கலாம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். அதற்குமேல் நீங்கள் அடுப்பை எவ்வளவு பெரிதாக எரித்தாலும் தண்ணீரின் சூடு ஏறாது. கூடுதல் வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். (கேமரன் மலையில் தானா ராத்தா போன்ற உயரத்தில் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே திறந்த சட்டியில் பருப்பு வேகவைத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.) குக்கர் செய்வது ஒரே ஒரு வேலை. ஆவியை வெளியே விடாமல் அடைத்து, உள்ளே அழுத்தத்தைக் கூட்டுகிறது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். நம் வீடுகளில் இருக்கும் சாதாரணக் குக்கருக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அப்போது தண்ணீர் சுமார் 120 பாகையில்தான் கொதிக்கும்.

இருபது பாகைதானே என்று நினைக்காதீர்கள். வெப்பநிலை பத்துப் பாகை ஏறினால் வேகும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது சமையலறைக்குப் போதுமான ஒரு தோராயக் கணக்கு. இருபது பாகைக்கு நான்கு மடங்கு. திறந்த சட்டியில் முக்கால் மணி நேரம் அடம்பிடிக்கும் துவரம் பருப்பு, குக்கரில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் குழைந்துவிடுவது இதனால்தான்.

அந்த இரண்டு மடங்கு அழுத்தத்தை நிர்ணயிப்பது யார்? மூடியின் நடுவில் உட்கார்ந்திருக்கும் குண்டு. நாம் அதையே விசில் என்றும் வெயிட்டு என்றும் சொல்கிறோம். மூடியில் ஒரு சிறு குழாய் இருக்கிறது. அதன் துளைமேல் குண்டு தன் எடையால் அமர்ந்திருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி, துளை வழியாக மேலே தள்ளும் விசை குண்டின் எடையை மிஞ்சும்போது குண்டு எழும்பும். ஆவி சீறிக்கொண்டு வெளியேறும். அழுத்தம் சற்றே இறங்கியதும் குண்டு மறுபடி உட்காரும். ஒரு விசில் முடிந்தது.

இதில் கணக்கு மிக எளிது. வெளிக்காற்றைவிட உள்ளே கூடுதலாக இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல். அதாவது ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் பரப்பிலும் சுமார் 10 கிராம் எடையை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. துளையின் விட்டம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர். அப்படியானால் குண்டு 70 கிராம் இருந்தால் போதும். உங்கள் வீட்டுக் குண்டைக் குளிர்ந்த நிலையில் கழற்றி, மாவு நிறுக்கும் தராசில் வைத்துப் பாருங்கள். துளையை அளந்து நீங்களே அழுத்தத்தைக் கணக்கிடலாம்.

இங்கேதான் பலர் தவறவிடும் செய்தி இருக்கிறது. குண்டின் எடை மாறாது. துளையும் மாறாது. ஆகவே உள்ளே இருக்கும் அழுத்தமும் ஒரு அளவைத் தாண்டாது. அழுத்தம் மாறாவிட்டால் வெப்பநிலையும் மாறாது. முதல் விசில் வந்தபிறகு அடுப்பு முழுத் தீயில் எரிந்தாலும், ஒரு விரல் நுனி அளவுக்கு எரிந்தாலும் உள்ளே இருப்பது அதே 120 பாகைதான். பருப்பு வேகும் வேகமும் அதேதான். கூடுதல் தீ பருப்பை வேகவைப்பதில்லை. அது விசில் அடிக்க வைக்கிறது, அவ்வளவே.

இப்போது எண்ணிப் பார்க்கலாம். கால் கிலோ பருப்பு, முக்கால் லிட்டர் தண்ணீர், இரண்டு கிலோ எடையுள்ள அலுமினியக் குக்கர். அடுப்பிலிருந்து குக்கருக்குள் நொடிக்கு ஒரு கிலோஜூல், அதாவது 1,000 வாட் வெப்பம் போய்ச் சேருவதாகக் கொள்வோம். இவை அனைத்தையும் 30 பாகையிலிருந்து 120 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 480 கிலோஜூல் வேண்டும். எட்டு நிமிடம். முதல் விசில் வந்துவிட்டது.

இனிமேல் குக்கருக்கு வேண்டிய வெப்பம் மிகக் குறைவு. சுற்றியுள்ள காற்றுக்கு அது இழக்கும் வெப்பத்தை ஈடுகட்டினால் போதும். அது 200 வாட்டுக்குள் அடங்கிவிடும். நீங்கள் தீயைக் குறைக்காமல் 1,000 வாட்டிலேயே விட்டால் மீதி 800 வாட் எங்கே போகும்? ஆவியாகும். ஒரு கிராம் தண்ணீர் அந்தச் சூட்டில் ஆவியாக 2.2 கிலோஜூல் வேண்டும். நீங்கள் பள்ளியில் மலாயில் ‘ஹாபா பென்டாம்’ என்று படிக்கும் அதே மறைவெப்பம்தான் இது. ஆக, நிமிடத்துக்குச் சுமார் 22 கிராம் நீராவி வெளியேறும். பத்து நிமிடத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அக்காள் வீட்டுப் பருப்பு அடிப்பிடித்ததன் காரணம் இப்போது தெரிகிறதா? அதிகம் வெந்ததால் மட்டும் அடிப்பிடிக்கவில்லை. அடியில் இருக்க வேண்டிய தண்ணீர் விசிலோடு கூரைக்குப் போய்விட்டது.

விசில் ஒன்றுக்கு 8 கிராம் ஆவி வெளியேறுவதாக வைத்துக்கொண்டால், முழுத் தீயில் ஏறக்குறைய 22 நொடிக்கு ஒரு விசில் வரும். தீயை நன்றாகக் குறைத்து, 50 வாட் மட்டும் மிஞ்சும்படி வைத்தால் ஆறு நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். “நாலு விசில்” என்பது முதல் வீட்டில் ஒன்றரை நிமிடம். இரண்டாவது வீட்டில் இருபத்து நான்கு நிமிடம். இரண்டிலும் உள்ளே வெப்பநிலை ஒன்றே. முதல் வீட்டில் பருப்பு கல்லாக இருக்கும், இரண்டாவது வீட்டில் கூழாகியிருக்கும். அறிவியல் கூடத்தில் ‘மூன்று விசில் நேரம் சூடாக்கினேன்’ என்று அறிக்கை எழுதினால் உங்கள் ஆசிரியர் என்ன சொல்வார்? சமையல் குறிப்பில் மட்டும் அது எப்படி அளவாகிறது? விசில் கணக்கில் குறிப்பு எழுதுபவர்கள், தங்கள் அடுப்பையும் தங்கள் குக்கரையும் கூடவே நமக்கு அனுப்பிவைத்தால்தான் அந்தக் குறிப்பு உதவும். விசிலே அடிக்காமல் மெல்லச் சீறிக்கொண்டிருக்கும் குக்கர்களும் இருக்கின்றன. அவற்றை வாங்கியவர் எதை எண்ணுவார்?

அப்படியென்றால் நம் அம்மாக்களும் பாட்டிகளும் இத்தனை ஆண்டுகளாக விசிலை எண்ணித்தானே சமைத்தார்கள், தவறா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தவறில்லை. என் அம்மா முப்பது ஆண்டுகள் ஒரே அடுப்பில், ஒரே குக்கரில், ஒரே டம்ளரால் அளந்த பருப்பை, தீயை ஒரே இடத்தில் திருப்பி வைத்து வேகவைத்தார். அங்கே மாறக்கூடியவை எல்லாம் மாறாமல் நின்றன. அதனால் மூன்று விசில் என்பது அவர் வீட்டில் உண்மையிலேயே ஒரு நேர அளவாகிவிட்டது. அறிவியலில் இதைத்தான் மற்ற மாறிகளை நிலையாக வைத்திருத்தல் என்கிறோம். அம்மா அதைப் பெயர் தெரியாமல் செய்தார். சிக்கல் எப்போது வந்தது? அக்காள் வீட்டுக்கு வந்தபோது. புது அடுப்பு, பெரிய தீ, வேறு குக்கர். மாறிகள் எல்லாம் மாறிவிட்டன. மூன்று என்ற எண் மட்டும் பழைய வீட்டிலிருந்து கூடவே வந்துவிட்டது. நாளை நீங்கள் பல்கலைக்கழகம் போய் வாடகை அறையில் சமைக்கும்போதும் அந்த எண் உங்களோடு வரும்.

அந்தக் குண்டு எதற்காகப் பிறந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1679ஆம் ஆண்டில் லண்டனில் டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், எலும்பையும் மென்மையாக்கும் ஒரு கனத்த இரும்புக் கலனை அரச கழகத்தாருக்குச் செய்து காட்டினார். நம் குக்கரின் பாட்டனார் அதுதான். மூடிய கலனில் ஆவி பெருகினால் கலன் வெடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் ஒரு துளை வைத்து, அதன்மேல் ஓர் அடைப்பான் வைத்து, எடை தொங்கவிட்ட நெம்புகோலால் அதை அழுத்தி வைத்தார். அழுத்தம் எல்லை மீறினால் அடைப்பான் திறக்கும். எடை நேரத்தைச் சொல்ல வரவில்லை. ஆளைக் காப்பாற்ற வந்தது. குக்கரின் குண்டு காவலாளி. காவலாளி கத்தும்போது நாம் “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

காவலாளியைப் பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு மஞ்சள் கறை நினைவுக்கு வரும்.

நான் படிவம் 2 படிக்கும்போது பேராக்கில் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தோம். ஒரு நாள் காலை, விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அம்மா குக்கரில் வழக்கத்தைவிட அதிகப் பருப்பைப் போட்டிருந்தார். ஏறக்குறைய முக்கால் பாகம் நிரம்பியிருந்தது. விசில் இரண்டு முறை வந்தது. மூன்றாவது வரவே இல்லை. நேரமாகிறது என்று அம்மா அடுப்பை அணைத்தார். கரண்டிக் காம்பால் குண்டை நெம்பித் தூக்கினார். ‘உஸ்’ என்ற சத்தமே இல்லை. ஆவியும் இல்லை. சரி, உள்ளே அழுத்தம் போய்விட்டது என்று நினைத்தார். மூடி திரும்ப மறுத்தது. ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பலம் கொண்டமட்டும் திருகினார்.

மூடி எகிறிப் போய் அலமாரியில் மோதியது. பருப்பு கூரைத் தகரம் வரை போனது. அம்மாவின் இடது முன்கை முழுவதும் வெந்துவிட்டது. முகத்தில் படாதது, அவர் அந்த நொடியில் சற்றுப் பக்கவாட்டில் நின்றிருந்ததால்தான். கை ஆற மாதக்கணக்கானது. கூரையின் கறை நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகும்வரை அங்கேயே இருந்தது.

என்ன நடந்தது என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. பருப்பு கொதிக்கும்போது நுரைக்கும். குக்கரில் மேலே போதிய இடம் இல்லாவிட்டால் நுரை மூடியைத் தொடும். நுரையோடு பருப்புத் தொலி ஆவிக் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். மூன்றாவது விசில் வராததற்குக் காரணம் அதுதான். பிறகு குண்டைத் தூக்கியபோதும் ஆவி வரவில்லை. உள்ளே அழுத்தம் இல்லாததால் அல்ல, வெளியேற வழி இல்லாததால். ஆவி வரவில்லை என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. உள்ளே ஆவியே இல்லை என்பது ஒன்று. உள்ளே இருக்கிறது, வழிதான் இல்லை என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துச் சொன்னது மூடிதான். மூடி இறுக்கமாக இருந்ததே, அதுதான் அழுத்தம் இன்னும் இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

குக்கரில் இன்னொரு பாதுகாப்பு அடைப்பான் உண்டே, அது ஏன் திறக்கவில்லை? மூடியில் சிறு உலோகப் பொத்தான்போல் இருப்பது அது. அழுத்தமோ சூடோ வழக்கமான அளவைத் தாண்டி நெடுந்தூரம் போனால்தான் அது வேலை செய்யும். அம்மா அடுப்பை அணைத்துவிட்டதால் உள்ளே இருந்தது ஏறக்குறைய வழக்கமான அழுத்தமே. அடைப்பானின் பார்வையில் ஆபத்து எதுவும் இல்லை.

வழக்கமான அழுத்தம் என்றால் எவ்வளவு? முன்பு போட்ட அதே கணக்குத்தான். ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் 10 கிராம். ஏழு சதுர மில்லிமீட்டர் துளையை அடக்க 70 கிராம் போதும் என்று பார்த்தோம். மூடியின் விட்டம் 20 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு 31,400 சதுர மில்லிமீட்டர். அப்படியானால் மூடியை மேலே தள்ளும் விசை 300 கிலோவுக்கும் அதிகமான எடைக்குச் சமம். நான்கு பெரியவர்களைத் தூக்கிவிடும் விசையைப் பூட்டி வைத்திருப்பது மூடியின் ஓரத்தில் உள்ள கொக்கிகள். அம்மா திருகித் திறந்தது அதைத்தான்.

மூடி போனபின் நடந்தது அதைவிடக் கொடியது. 120 பாகையில் இருக்கும் தண்ணீர், அழுத்தம் போன கணமே 100 பாகைக்கு இறங்கியாக வேண்டும். கூடுதலாக இருக்கும் 20 பாகை வெப்பமும் ஆவியாக மாறும். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 37 கிராம்தான் அப்படி ஆவியாகும். சொற்பம்தான். ஆனால் அந்த 37 கிராம், ஆவியாகும்போது ஏறத்தாழ 60 லிட்டர் இடத்தைக் கேட்கும். அதுவும் தண்ணீரின் மேற்பரப்பில் மட்டுமல்ல, பருப்புக்கு ஊடே எங்கும் ஒரே நேரத்தில் உண்டாகும். அதனால்தான் பருப்பு பொங்கி வழியாமல் பீரங்கிபோல் வெளியே பாய்ந்தது.

இதைப் படித்துவிட்டுக் குக்கரைக் கண்டு ஓட வேண்டாம். எங்கள் வீட்டில் அடுத்த வாரமே குக்கர் மறுபடி அடுப்பேறியது. செய்யும் முறை மட்டும் மாறியது. பருப்பும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போவதில்லை. ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். அடுப்பை அணைத்தபின் பத்துப் பதினைந்து நிமிடம் குக்கரை அப்படியே விட வேண்டும். அந்த நேரம் வீணல்ல. உள்ளே சூடு 100 பாகைக்கு மேல் இருக்கும்வரை பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கும். தீச்செலவில்லாத வேகல் அது. விசில் வர வேண்டிய நேரத்தில் வராமல், குண்டைச் சுற்றி ஆவியும் கசியாமல் குக்கர் அமைதியாக இருந்தால், அடுப்பை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். குண்டைத் தொடாதீர்கள். நகர்த்தாதீர்கள். கைபட்டால் குளிர்ச்சியாகத் தெரியும்வரை அதற்குக் காது கொடுக்காமல் விட்டுவிடுங்கள். மூடி லேசாகத் திரும்பாவிட்டால் அது இன்னும் தயாராகவில்லை. தப்பித்தவறி யாருக்காவது ஆவி பட்டுவிட்டால் பற்பசையைத் தேடி ஓடாமல், சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

இவற்றைவிட முக்கியமானது, சமைக்கும் முன்னே செய்ய வேண்டிய ஒன்று. குண்டைக் கழற்றிவிட்டு, மூடியைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, ஆவிக் குழாய் வழியாக ஒரு கண்ணால் பாருங்கள். குழாய் சுத்தமாக இருந்தால் காலை வெளிச்சம் ஊசிமுனைபோல் ஒரு புள்ளியாகத் தெரியும். தெரியாவிட்டால் ஒரு மெல்லிய கம்பியை விட்டுக் குத்திக் கழுவிய பிறகே மூடியைப் பயன்படுத்த வேண்டும். ஐந்து நொடி வேலை. அம்மா தினமும் இதைச் செய்கிறார். அன்று காலையும் வெங்காயத் தோலுக்கு நடுவே நின்று செய்தார். குழாய் சுத்தமாகத்தான் இருந்தது. விசில் எண்ணிக்கைதான் தவறியது.

தீயைக் குறைப்பதால் எரிவாயு மிச்சமாகுமே, அதைச் சொல்லவில்லையே என்று சிலர் கேட்பார்கள். மிச்சமாகும். நான் போட்ட கணக்கில், முதல் விசிலுக்குப் பிறகு பத்து நிமிடம் முழுத் தீயில் விடாமல் சிறு தீயில் வைத்தால் மொத்த வெப்பத்தில் ஏறக்குறைய 40 விழுக்காடு குறையும். அடுப்பின் வெப்பத்தில் பாதிதான் பாத்திரத்தில் சேருகிறது என்று கொண்டால், ஒரு முறைக்குச் சுமார் 20 கிராம் எரிவாயு மிஞ்சும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாம் வாங்கும் தோம்பில் 14 கிலோ இருக்கிறது. தினமும் ஒரு முறை பருப்பு வேகவைக்கும் வீட்டில் ஒரு தோம்பு மிச்சமாக ஏறக்குறைய இரண்டு ஆண்டு ஆகும். இதைச் சொல்லி உங்கள் அம்மாவை மாற்றிவிட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தினமும் பருப்பு ஒரே பதத்தில் இருக்கும் என்றால் ஒருவேளை கேட்பார்.

என் கணக்கையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் அடுப்பு வேறு, குக்கர் வேறு. பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது, தண்ணீர் மட்டும் ஊற்றிய குக்கரை அடுப்பில் வைக்கும் முன் நிறுத்துக்கொள்ளுங்கள். முதல் விசிலுக்குப் பிறகு பத்து நிமிடம் முழுத் தீயில் விடுங்கள். விசில் எத்தனை என்று ஒரு தாளில் கோடு போடுங்கள். அணைத்து, நன்றாக ஆறிய பிறகு மறுபடி நிறுத்துப் பாருங்கள். குறைந்த எடைதான் வெளியேறிய ஆவி. மறுநாள் அதையே சிறு தீயில் செய்யுங்கள். இரண்டு நாளும் உள்ளே சூடு ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான். கோடுகள் மட்டும் எவ்வளவு மாறுகின்றன என்று பாருங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காள் மகன் இதைத்தான் செய்தான். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிட்டு, கைப்பேசியில் பத்து நிமிடம் வைத்தான். அதன்பின் வந்தது ஒரே ஒரு விசில். அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தீயைக் கூட்டப் போன கையை இரண்டு முறை அவன் தடுத்தான். மணி அடித்தது, அணைத்தான், பதினைந்து நிமிடம் கழித்து மூடி தானாக வழுக்கிக்கொண்டு திரும்பியது. அம்மா ஒரு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“வெந்துதான் இருக்கு” என்றார். பிறகு அக்காளிடம் திரும்பி, “இதுக்கு எத்தன விசிலுன்னு எழுதிக்கிறது?” என்று கேட்டார்.